சமயவியல் பட்டப்படிப்புக்கான பர்சனல் ஸ்டேட்மென்ட்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டுப் பிரிட்டனில் சமயவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் நம் இரு மாவட்டங்களிலும் மிகச் சிலர்தான். ஆனாலும், பல சமய மரபுகளை ஒப்பிட்டுப் படிக்கும் ஆர்வத்தோடு வரும் அந்தச் சிலரும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

பர்சனல் ஸ்டேட்மென்ட்னா என்னங்க சார்? நம்ம வாழ்க்கை வரலாறா?

இல்லை. பிரிட்டனில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு யூக்காஸ் என்னும் பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் பகுதிக்குத்தான் இந்தப் பெயர். 2026 ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு முன்புவரை அது ஒரே நீண்ட கட்டுரையாக இருந்தது. இப்போது மூன்று கேள்விகளுக்கு விடையாக எழுத வேண்டும். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி. இதுவரை படித்த படிப்பு அதற்கு உங்களை எப்படித் தயார்படுத்தியது என்பது இரண்டாவது. பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணிக்கையில் கொண்டு, 4,000 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகளாவது இருக்க வேண்டும்.

ஒரே விண்ணப்பம் ஐந்து இடங்கள் வரை போகும் என்பதால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் இதற்குள் எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் 4,000 எழுத்துகள் என்பது ஏறத்தாழ 600 சொற்கள். பிறந்த ஊர், தந்தையின் தொழில், பத்தாம் வகுப்பில் வாங்கிய பரிசு ஆகியவற்றுக்கு அதில் இடம் கிடையாது. மதிப்பெண்கள் விண்ணப்பத்தின் வேறு பகுதியில் இருக்கின்றன, அவற்றையும் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

இதைப் படிச்சா பையன் பூசாரியாவோ பாதிரியாராவோதான் வருவானா?

பெற்றோரின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அந்தக் குழப்பம் மாணவரின் எழுத்திலும் இறங்கிவிடுவதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறையியல் என்பது பெரும்பாலும் ஒரு சமயத்தின் உள்ளே நின்று, அதன் நூல்களையும் கோட்பாட்டையும் ஆராயும் துறை. சமயவியல் எந்தச் சமயத்தின் சார்பாகவும் பேசாமல், மக்கள் எதை நம்புகிறார்கள், என்ன செய்கிறார்கள், அது அவர்களுடைய வாழ்க்கையில் எப்படி இயங்குகிறது என்று பார்க்கிறது. பிரிட்டனில் 1967 ஆம் ஆண்டு நினியன் ஸ்மார்ட் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறை, இந்த இரண்டாவது வழியை அங்கே நிலைநிறுத்தியதில் முதன்மையானது. சமயம் என்பது கோட்பாடு மட்டுமன்று, சடங்கு, கதை, அனுபவம், ஒழுக்கம், அமைப்பு, பொருள்கள் ஆகிய பல பரிமாணங்களும் சேர்ந்ததுதான் சமயம் என்பது அவருடைய பார்வை.

இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் துறைகளும் உண்டு. எனவே விண்ணப்பிக்கும் ஐந்து இடங்களின் பாடத்திட்டங்களையும் முதலில் படித்துவிடுங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று மிக விலகி இருந்தால், ஒரே ஸ்டேட்மென்டால் எல்லாவற்றுக்கும் பொருத்தமாகப் பேச முடியாது. ஒப்பீட்டில் ஆர்வம் உள்ளவர், கிறித்தவ இறையியலை மட்டும் மையமாகக் கொண்ட படிப்பைத் தம் பட்டியலில் சேர்ப்பதில் பயன் குறைவு.

முதல் வரியை எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ஒரு பொன்மொழி போடலாமா?

வேண்டாம். உங்களிடம் இருக்கும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கேள்வி இன்னும் இல்லையென்றால் எழுத உட்காராதீர்கள், முதலில் கேள்வியைத் தேடுங்கள். அது எங்கே கிடைக்கும் என்பதை ஐந்தாவது கேள்விக்கான விடையில் சொல்லியிருக்கிறேன்.

எல்லா மதமும் ஒண்ணுதான்னு எழுதினா நல்ல அபிப்பிராயம் வரும்தானே?

நான் படித்துப் பார்க்கும் முதல் வரைவுகளில் மிகுதியாக வருவது இந்த வரிதான். எழுதுகிறவரின் நல்ல மனம் அதில் தெரிகிறது. ஆனால் ஒப்பிட்டுப் படிக்கும் படிப்பைக் கேட்கும் விண்ணப்பத்தில் அது எழுதியவருக்கு எதிராகவே நின்றுவிடும். எல்லாம் ஒன்று என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது, பல்கலைக்கழகத்தில் போய்க் கற்கவும் எதுவும் மிஞ்சாது.

ஜோனதன் இசட். ஸ்மித் என்னும் அமெரிக்கச் சமயவியல் அறிஞர் 1982 இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒற்றுமையைக் காண்பது மிக எளிது, அது நினைவின் வேலையாகவே நின்றுவிடக் கூடும், வேறுபாடு இருப்பதனால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் வருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டு பொருள்களை வெறுமனே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு ஆகிவிடாது. எதைப் பொறுத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்லும் மூன்றாவது ஒன்றும் வேண்டும் என்பதை அவர் பின்னாளிலும் வலியுறுத்தினார். அந்த மூன்றாவது ஒன்றுதான் உங்கள் கேள்வி. ஒற்றுமையைச் சொல்லவே கூடாது என்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு, அதே பத்தியில் அது எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் காட்ட வேண்டும்.

எங்க ஊர்ல பெரிய கோயில் எதுவும் இல்லீங்க. ஏரிக்கரையில ஒரு வேடியப்பன் கல்லுதான் இருக்கு. அதை வெச்செல்லாம் எழுத முடியுமா?

எழுத முடியும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் படித்துவிட்டு எழுதும் பத்தியைவிட, நேரில் பலமுறை பார்த்த வேடியப்பன் கல்லைப் பற்றி எழுதும் பத்திக்கு வலு அதிகம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நம் இரு மாவட்டங்களிலும் வேடியப்பன் என்று வணங்கப்படுபவை பெரும்பாலும் பழைய நடுகற்கள். ஆநிரையை மீட்கும் பூசலிலோ வேறு சண்டையிலோ விழுந்த வீரனுக்காக நட்ட கல், கால ஓட்டத்தில் அவன் பெயரும் சண்டையின் கதையும் மறைந்துபோக, காவல் தெய்வமாக நிலைத்துவிட்டது. கல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (232), அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுவதைக் காட்டிவிட்டு, ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறது. தகடூர் இன்றைய தருமபுரிதான். உங்கள் ஊரின் சடங்கையும், அந்தச் சடங்கைப் பற்றி எழுந்த மிகப் பழைய ஐயம் ஒன்றையும் ஒரே பத்தியில் வைக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

எழுதுவதற்கு முன் கல்லை நன்றாகப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் மஞ்சளுக்கும் அடியில் வீரன் வில் ஏந்தியிருக்கிறானா வாளா, கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கிறதா, மேலே எழுத்து ஏதேனும் தெரிகிறதா என்று கவனியுங்கள். பொங்கல் வைத்துக் கிடா வெட்டும் நாளில் யார் முன்னே நிற்கிறார், யார் விலகி நிற்கிறார் என்பதையும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் வழிபாட்டில் இல்லாத நடுகற்களைக் காணலாம். ஒரே வகைக் கல் ஓரிடத்தில் தெய்வமாகவும் இன்னோரிடத்தில் காட்சிப்பொருளாகவும் நிற்பது தனியே ஆராயத்தக்க கேள்வி. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கல்லின் காலத்தை நீங்களே கணித்து எழுதாதீர்கள். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சொன்னதாக இருந்தால் அப்படிக் குறிப்பிடுங்கள். இல்லையேல் பழைய கல் என்று சொன்னால் போதும்.

சரி, ஒப்பீட்டை எப்படிக் கட்டுறது? ஒருத்தர் எழுதினதைக் காட்டி விளக்க முடியுமா?

காவேரிப்பட்டணம் பக்கத்து மாணவி ஒருவர் முதல் கேள்விக்கு எழுதிய முதல் வரைவு, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: “சிறு வயதிலிருந்தே எனக்குச் சமயங்களில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு. எங்கள் பகுதியில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக வாழ்கின்றனர். எங்கள் வீட்டார் வேடியப்பனையும் வணங்குவர், கிருஷ்ணகிரி மலைமேல் உள்ள தர்காவுக்கும் செல்வர். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்பதை இதிலிருந்து கற்றேன்.” முதல் வாக்கியத்தை எந்த மாணவரும் எந்தப் பாடத்துக்கும் எழுதலாம். இரண்டாவது சமூக நிலையைச் சொல்கிறது, கேள்வி எதையும் எழுப்பவில்லை. மூன்றாவதில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது, ஆனால் அதை அங்கேயே விட்டுவிட்டு நான்காவது வாக்கியம் முன்பு சொன்ன பள்ளத்தில் விழுந்துவிடுகிறது.

மூன்றாவது வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டேன். கடவுள் என்று முதலில் சொன்னவர், சற்று யோசித்துவிட்டு, இரண்டு இடத்திலும் செத்துப்போன மனிதர் இருக்கிறார் என்றார். அதுவே மூன்றாவது பொருள் ஆயிற்று: இறந்துபோன ஒரு மனிதர் உயிரோடு இருப்பவர்களுக்கு எப்படிக் காவலாகிறார்? பிறகு வேறுபாடுகளைத் தேடினோம். கல்லில் இருப்பவனின் பெயர் யாருக்கும் தெரியாது, தர்காவில் அடங்கியவரின் பெயரால்தான் அந்த மலையையே சையத் பாஷா மலை என்கிறார்கள். கல்லின் அடியில் உடல் இருப்பதாக ஊரில் யாரும் சொல்வதில்லை, தர்காவுக்கோ அடக்கத்தலம்தான் எல்லாம். வீரனை நினைவுகூரவைத்தது அவன் செத்த விதம், அவுலியா எனப்படும் இறைநேசரை நினைவுகூரவைத்தது அவர் வாழ்ந்த விதம்.

கடைசி வரைவு இப்படி அமைந்தது: “எங்கள் ஊர் எல்லையில் உள்ள வேடியப்பன் கல்லில் வில்லேந்திய வீரன் ஒருவன் இருக்கிறான். அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. அருகில் உள்ள மலைமேல் ஓர் இறைநேசர் அடங்கியிருக்கிறார். அவர் பெயரை அறியாதவர் இல்லை. என் வீட்டார் இரண்டு இடங்களிலும், இறந்துபோன ஒரு மனிதரின் முன்னிலையில், ஒரே குறையைச் சொல்லி நிற்கின்றனர். பெயரும் உடலும் இல்லாத இடத்தில் அந்த நம்பிக்கை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது? பெயரும் உடலும் இருக்கும் இடத்தில் அது வேறொன்றாக மாறுகிறதா? வன்முறையால் நேரும் இறப்பே மனிதரைத் தெய்வமாக்குகிறது என்னும் வாதத்தை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய கட்டுரையில் படித்தேன். அது கல்லுக்குப் பொருந்துகிறது, தர்காவுக்கு நேராகப் பொருந்தவில்லை. எது விடுபட்டது என்பதை அறியவே இப்படிப்பைத் தேடுகிறேன்.” ஆங்கிலத்தில் இது முதல் விடைக்கான இடத்தில் பாதியைக்கூட எடுக்கவில்லை. ஆர்வம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, ஆனால் ஆர்வம் எங்கும் தெரிகிறது.

பாட்டுல மயில் பீலி வருது, தர்காவுலயும் மயிலிறகால தடவுறாங்க. அங்கிருந்துதான் இங்க வந்ததுன்னு எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள். இந்த ஒற்றுமை கண்ணைப் பறிப்பதுதான், ஆனால் ஒற்றுமை ஒன்றே வழித்தோன்றலுக்குச் சான்றாகாது. நடுகல் காலத்துக்கும் தர்காவின் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல வேண்டுமானால், இடைப்பட்ட காலத்தில் அந்த வழக்கம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று காட்டும் கல்வெட்டோ நூலோ வேண்டும். மயிற்பீலி வடநாட்டுத் தர்காக்களிலும் சமணத் துறவியர் கையிலும் உண்டு. நம் ஊர்ப் பாட்டை மட்டும் மூலமாகப் பிடித்துக்கொள்ள ஏது இல்லை.

இதையே வேறு வழியில் நல்ல பத்தியாக்கலாம். பீலி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். நடுகல்லில் உயிரோடு இருப்பவர்கள் இறந்தவனுக்குப் பீலி சூட்டுகின்றனர். தர்காவில் அதே பீலி, இறந்தவரின் அருளை உயிரோடு இருப்பவரின் தலைக்குக் கொண்டுவருகிறது. பொருள் ஒன்றாக இருக்க, கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறியிருக்கின்றனர். வரலாற்றுத் தொடர்பு எதையும் கோராமலேயே இதைச் சொல்ல முடியும், இதற்குச் சான்று உங்கள் கண்ணும் அந்தப் பாட்டும்தான்.

நான் பயாலஜி குரூப். ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதுறது? வரலாறே படிக்கலையே?

மேலே சொன்ன பீலி விவகாரத்துக்குத் தேவைப்படும் கருவி உங்கள் உயிரியல் பாடத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலேயே அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள் என்று படித்திருப்பீர்கள். வௌவாலின் இறக்கையும் மனிதனின் கையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பறவையின் இறக்கையும் பூச்சியின் இறக்கையும் ஒரே வேலையைச் செய்தாலும் வெவ்வேறாகத் தோன்றியவை. சமயங்களை ஒப்பிடும்போதும் வழித்தோன்றலால் வந்த ஒற்றுமையையும் செயலால் வந்த ஒற்றுமையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை, முன்பு குறிப்பிட்ட ஜோனதன் ஸ்மித் 1990 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்த இணைப்பை நீங்களே கண்டு எழுதினால் இரண்டாவது விடைக்கு அதுவே முதுகெலும்பு.

கலைப்பிரிவு மாணவர்களுக்கு வரலாறும், அறவியலும் இந்தியப் பண்பாடும் என்ற பாடமும் துணைக்கு உண்டு. ஆனால் பாடத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல், அதில் எந்த ஒரு பகுதி எந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடத்தையும் மறக்க வேண்டாம். பழைய செய்யுளை உரையோடு ஒப்பிட்டுப் படித்த பயிற்சி, மூல நூல்களைப் படிக்க வேண்டிய இந்தப் படிப்புக்கு நேரடியான தயாரிப்பு.

எத்தனை புத்தகம் படிச்சதா எழுதணும்?

ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் உண்மையில் படித்ததாக இருக்க வேண்டும். ஐந்து நூல்களின் பெயரை அடுக்கினால் படிப்பவருக்குக் கிடைப்பது பட்டியல் மட்டும். மேலே காட்டிய மாணவி படித்தது 1985 இல் வெளிவந்த ஒரே ஒரு கட்டுரை. அதன் வாதத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி, தன் ஊரில் அது பொருந்தாத இடத்தை அடுத்த வாக்கியத்தில் காட்டினார். பத்தியின் கனம் அந்த இரண்டு வாக்கியங்களில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் உங்களை ஈர்த்தால் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988 இல் வெளியிட்ட நூலின் ஓர் இயலைப் படியுங்கள். அந்த அம்மனுக்குக் காவல் நிற்கும் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது.

நான் ரொம்ப பக்தி உள்ளவன். அதைச் சொல்லலாமா, மறைக்கணுமா? என் ஃபிரண்டு நாத்திகன், அவன் என்ன பண்றது?

மறைக்கவும் வேண்டாம், சான்றிதழாக நீட்டவும் வேண்டாம். பக்தி உள்ளவருக்குச் சில கதவுகள் திறந்திருக்கும், சில கண்ணில் படாமலே போகும். நாத்திகருக்கும் அப்படியே. மாலை போட்டு விரதம் இருந்தவர், விரதத்தில் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை உள்ளிருந்து சொல்ல முடியும். ஆனால் ரமலான் நோன்பைப் பற்றி எழுதும்போது அந்த அனுபவத்தையே அளவுகோலாக வைத்தால் சறுக்கிவிடுவார். இதை அறிந்திருக்கிறேன் என்று ஒரே வரியில் காட்டினால் போதும். பெரியாரைப் படித்து வளர்ந்த மாணவர், மூடநம்பிக்கை என்ற சொல்லை எடுத்து வைத்துவிட்டு, மக்கள் அதைச் செய்யும்போது என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

தர்காவுக்குப் போறதே தப்புன்னு சொல்ற முஸ்லிம்களும் இருக்காங்களே, அதை எழுதினா பிரச்சினை வருமா?

எழுதாமல் விடுவதுதான் குறை. எந்த மரபும் உள்ளே ஒரே குரலில் பேசுவதில்லை. அடக்கத்தலத்துக்குச் சென்று வரும் ஜியாரத்தையும், இறைவனிடம் வேண்டும்போது இறைநேசரை வஸீலாவாக, அதாவது இடைவழியாக, கொள்வதையும் ஏற்பவர்கள், நாங்கள் கேட்பது இறைவனிடம்தான் என்பார்கள். அதை மறுப்பவர்கள், இறைவனுக்கு இணைவைப்பதில் அது கொண்டுபோய் விட்டுவிடும் என்பார்கள். மாணவியின் முதல் திருத்தத்தில் இரண்டு இடத்திலும் இறந்தவரிடம் குறையைச் சொல்கின்றனர் என்று இருந்தது. தர்காவுக்குச் செல்லும் முஸ்லிம் அண்டை வீட்டார் அதை ஏற்கமாட்டார் என்பதால்தான், இறந்தவரின் முன்னிலையில் என்று மாறியது. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. கல்லின் பக்கமும் இப்படி உண்டு: கிடா வெட்டை விட்டுவிட்டுச் சைவப் படையலுக்கு மாறிய குடும்பங்களும் விடாத குடும்பங்களும் ஒரே ஊரில் இருப்பதைக் கவனியுங்கள்.

மூணாவது கேள்விக்கு ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதலாமா? சாதி பேச்சு வருமே?

எழுதலாம், இந்தப் பாடத்துக்கு அதுவே சிறந்த வெளி அனுபவம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லி, எழுத ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, முதிய பூசாரி ஒருவர் என்று குறிப்பிடுங்கள். ஒருவரிடம் கேட்டதை ஊரே சொல்வதாக எழுத வேண்டாம். அவரும் அவருடைய மனைவியும் ஒரே கதையை வேறுவேறாகச் சொன்னால், அந்த வேறுபாட்டைத்தான் எழுத வேண்டும். சாதியை ஒளித்தால் விளக்கம் பொய்யாகிவிடும். கல்லுக்கு அருகே யார் வரலாம், யார் படையல் பெறுகிறார் என்பது சடங்கின் பகுதி. கண்டதைக் கண்டபடி, எந்தச் சாதியையும் இழிவு செய்யாமல், ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

என்.எஸ்.எஸ்., விளையாட்டு, கோயில் அன்னதானத் தொண்டு ஆகியவை இந்தப் பாடத்தோடு நேராகச் சேர்ந்தால் மட்டும் வரட்டும்.

கன்சல்டன்சில பணம் குடுத்தா அவங்களே எழுதித் தர்றாங்களாம். வாங்கிக்கலாமா?

கூடாது. யூக்காஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் பழைய விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் வரிகளைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவித்துவிடும். அது ஒருபுறமிருக்க, கடையில் வாங்கிய கட்டுரையில் உங்கள் ஏரிக்கரைக் கல் இருக்காது. ஆங்கிலப் பிழைகளை ஆசிரியர் திருத்தித் தரலாம், அதற்குத் தடையில்லை.

வெளிநாடு போக வசதி இல்லை. இங்கேயே படிக்க இதெல்லாம் உதவுமா?

நம் நாட்டில் இந்தத் துறை பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. நாளந்தா பல்கலைக்கழகத்தில் பௌத்தம், தத்துவம், ஒப்பீட்டுச் சமயங்கள் ஆகியவை ஒரே புலத்தின்கீழ் வருகின்றன. இளநிலையில் வரலாறோ தமிழோ தத்துவமோ படித்துவிட்டு அங்கே போகலாம். எங்கேனும் நோக்க அறிக்கை கேட்டால் எழுத்து எண்ணிக்கை மாறும், ஒப்பீட்டைக் கட்டும் முறை மாறாது.

நான் எழுதின வேறுபாடு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா? இன்டர்வியூல மடக்கிட்டா?

மேலே கண்ட மாணவியின் ஒப்பீட்டிலேயே அப்படி ஓர் ஓட்டை உண்டு. வீரன் செத்த விதத்தால் நினைக்கப்படுகிறான், அவுலியா வாழ்ந்த விதத்தால் நினைக்கப்படுகிறார் என்பது அவருடைய பிரிவு. ஆனால் போரில் உயிர்விட்ட ஷஹீதுகளின் தர்காக்களும் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே இறந்த விதமும் முக்கியம், அப்போது அந்தக் கோடு அழிந்துபோகிறது. இதை ஒரு தோழி சுட்டிக்காட்டியபோது மாணவி பத்தியையே நீக்கிவிட நினைத்தார். நீக்க வேண்டாம் என்றேன். பத்தியில் அந்தப் பிரிவு முடிவாக எழுதப்படவில்லை, கேள்வியாகத்தான் நிற்கிறது. ஷஹீது தர்காக்கள் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகின்றன: வன்முறை இறப்பு, பெயர், உடல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது என்ன நிகழ்கிறது?

எல்லாப் பல்கலைக்கழகங்களும் நேர்காணல் வைப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் வைக்கின்றன, அவற்றுக்கு அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கே எதிர்ச்சான்று ஒன்றைக் காட்டிக் கேட்டால், முதலில் அது உங்கள் ஒப்பீட்டின் எந்த உறுப்பைத் தொடுகிறது என்று சொல்லுங்கள். அந்த உறுப்பை மட்டும் திருத்திவிட்டு, மற்றவை ஏன் நிற்கின்றன என்று விளக்குங்கள். அதற்கு ஒரு வழி, ஸ்டேட்மென்டை அனுப்பிய பிறகு ஒரு தாளில் உங்கள் ஒப்பீட்டுக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டுகளைத் தேடி எழுதி வைப்பது. அந்த மாணவியின் தாளில் ஷஹீது தர்கா முதலாவதாகவும், பெயர் பொறித்த நடுகல் இரண்டாவதாகவும் இருந்தன.